பிளெக்ஸ் தமிழில் எழுதிய அம்மா

கம்பத்தில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், திருவிழா நோட்டீஸ் என்று நாள் முழுக்க டைப் அடிப்பதுதான் வேலை. ஆளும் தேதியும் மாறும், வாசகம் பெரும்பாலும் மாறாது. 'நெஞ்சார்ந்த' என்று அடிக்க ஆரம்பித்தாலே 'நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறோம்' என்று விரல் தானாகப் போய்விடும். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் என் அம்மாவைப் பற்றி எழுதிய நாலு வரி கெட்டுப்போனதற்குப் பாதிக் காரணம் இந்த விரல்கள்.

அம்மா 22 வருஷமாக ஏலக்காய் எடுக்க இடுக்கிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். கம்பம், கூடலூர், போடிப் பக்கத்திலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப்ஜீப்பாக ஆட்கள் மலையேறுவது இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவுக்கு 5.30 மணிக்கு ஜீப் வரும். போன மாசியில் முழங்கால் முடியாமல் அம்மா வேலையை நிறுத்தினாள். கடைசி நாள் சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது போனில் ஒரு படம் எடுத்தேன். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. பின்னால் ஜீப்பின் படுதா. நல்ல படம். இன்ஸ்டாகிராமில் போடலாம் என்று அன்று ராத்திரியே கேப்ஷன் எழுதினேன். எழுதினதை அப்படியே தருகிறேன்:

"22 ஆண்டுகளாக ஏலத்தோட்டத்தில் அயராது உழைத்து, குடும்பத்திற்காகத் தன்னையே அர்ப்பணித்த தியாகச் சுடர் என் அன்னைக்கு இன்று பணி நிறைவு. அவரது உழைப்பை வார்த்தைகளால் விவரிக்க இயலாது. நான் இன்று இந்த நிலையில் இருப்பதற்கு முழுமுதற் காரணம் அவரே என்றால் அது மிகையாகாது. இத்தருணத்தில் என் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக் கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். உங்கள் புதிய பயணம் இனிதே தொடர வாழ்த்துகள் அம்மா!"

எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது உண்மை. அதனால்தான் இது நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

போடுவதற்கு முன் என் தோழிக்கு அனுப்பினேன். கல்லூரியில் என்னோடு படித்தவள், இடுக்கியில் வண்டன்மேட்டுப் பக்கத்துக்காரி. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். பத்து நிமிஷம் கழித்துப் போன் வந்தது. "ஏண்டி, இது உங்கம்மா மாதிரியே இல்லையே. மனசுல இருந்து வந்த மாதிரியும் இல்ல. ஏதோ ஹெட்மாஸ்டருக்குப் பிரிவு உபசார விழா நடக்குது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அழுதுகொண்டே எழுதினதை எப்படிப் பொய் என்று சொல்கிறாள்? அவள் பொய் என்று சொல்லவில்லை, பொய் மாதிரி கேட்கிறது என்றாள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ராத்திரி ஆனது.

மறுநாள் சாயங்காலம் மறுபடி பேசினோம். "சத்தமாப் படி" என்றாள். படித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே என் குரல் மாறியது எனக்கே கேட்டது. 'தெரிவித்துக் கொள்வதில்' வந்தபோது மைக் முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எந்த இடத்தில் குரல் மாறுகிறதோ அந்த இடத்தில் கோடு போடு என்றாள். பேப்பரில் எழுதி வைத்துக் கோடு போட்டேன். அயராது, தன்னையே அர்ப்பணித்த, தியாகச் சுடர், பணி நிறைவு, வார்த்தைகளால் விவரிக்க இயலாது, இந்த நிலையில், மிகையாகாது, இத்தருணத்தில், நெஞ்சார்ந்த, பெருமகிழ்ச்சி, புதிய பயணம். கோடு போடாத இடம் தேட வேண்டியிருந்தது.

அடுத்து ஒன்று சொன்னாள். படத்தை மாற்று. அம்மா இருக்கும் இடத்தில் ரிட்டயர் ஆகிற பேங்க் மேனேஜர் ஒருவரை வை, கேப்ஷனில் எதை மாற்ற வேண்டும் என்று பார். பார்த்தேன். '22 ஆண்டுகளாக ஏலத்தோட்டத்தில்' என்ற மூன்று சொல்லையும், ஆண் என்றால் 'அன்னை', 'அம்மா'வையும் மாற்றினால் போதும். மொத்தம் 46 சொல்லில் அம்மாவின் வாழ்க்கையிலிருந்து வந்தது மூன்றே மூன்று. மற்றதெல்லாம் கடையில் ஸ்டாக் வைத்திருக்கிற சரக்கு.

அவள் இருக்கும் இடம் எல்லையாக இருப்பதால் அவளுக்கு இன்னொரு உரைகல்லும் இருந்தது. "எங்க பக்கம் மலையாளத்துல 'ஹ்ருதயம் நிறஞ்ஞ நன்னி'ன்னு பிளெக்ஸ் வைப்பாங்க. உன் 'நெஞ்சார்ந்த நன்றி' அதேதான். எழுத்து மட்டும்தான் வேற" என்றாள். அவள் ஊர்க் கடைத்தெருவில் இரண்டு மொழி பிளெக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஒன்றைப் படித்தால் இன்னொன்றைப் படிக்கத் தேவையில்லை, அவ்வளவு பொருந்தும். ஆனால் அம்மா தூக்குவாளியில் பழைய சோறும் சுட்ட வத்தலும் கொண்டு போனாள் என்பதை அப்படி மாற்ற முடியாது. மாற்றினால் விளக்கம் எழுத வேண்டிவரும்.

இதுவரை கண்டுபிடித்தது வெறும் சொற்கள். அதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு வலித்தது. கோடு போட்ட ஒவ்வொன்றையும் எடுத்து, "இது நெசமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். விறைப்பான சொல் என்றால் அர்த்தம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அதில் பாதி அப்பட்டமாகத் தப்பு என்பது அப்போதுதான் தெரிந்தது.

அயராது உழைத்தாளா? இல்லை. தினமும் அயர்ந்தாள். ஜீப்பை விட்டு இறங்கி வந்ததும் திண்ணையில் அப்படியே சாய்ந்துவிடுவாள், அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். 'அயராது' என்று எழுதியதன் மூலம் அந்த அரை மணி நேரத்தை நான் அழித்துவிட்டேன்.

பணி நிறைவா? அது மாதச் சம்பளமும் பென்ஷனும் இருக்கிறவர்களுக்கான வார்த்தை. தினக்கூலிக்கு ஏலக்காய் எடுக்கிற ஆளுக்கு யாரும் பணி நிறைவு கொடுப்பதில்லை. அம்மா கங்காணியிடம் "நாளையில இருந்து நான் வரல" என்று சொன்னாள், அவர் "சரிக்கா" என்றார். முடிந்தது.

புதிய பயணம் என்றதற்கு தோழி சிரித்தே விட்டாள். "உங்கம்மா போய்க்கிட்டு இருந்த ஒரே பயணம் அந்த ஜீப்புதான். அதுதாண்டி நின்னுருச்சு" என்றாள்.

'வார்த்தைகளால் விவரிக்க இயலாது' என்பது எனக்குப் பிடித்த வரி. அதை விட மனசில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி: "முயற்சி பண்ணியா?" பண்ணவில்லை. அந்த வரியை எழுதினதும் முயற்சி பண்ண வேண்டிய அவசியம் போய்விட்டது. அந்த வரி செய்கிற வேலையே அதுதான்.

கொஞ்சம் இலக்கணமும் சொல்ல வேண்டும், இந்த இடத்தில் அது உதவியது. 'நன்றியைத் தெரிவித்துக் கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்' என்ற வாக்கியத்தில் நான் செய்கிற வினை எது? நன்றி சொல்வது இல்லை. தெரிவித்துக் கொள்வதும் இல்லை. மகிழ்ச்சி 'அடைவது'. நன்றி என்பது பெயர்ச்சொல்லாகி, அதைத் தெரிவிப்பது இன்னொரு தொழிற்பெயராகி, கடைசியில் வினைமுற்று என் மகிழ்ச்சிக்குப் போய்விட்டது. அம்மாவைப் பற்றி ஆரம்பித்த பேச்சு என்னைப் பற்றியதாக முடிகிறது. தமிழில் வாக்கியத்தின் கடைசியில் எது நிற்கிறதோ அதன் மேல்தான் காது போய் உட்காரும். மேடைத் தமிழில் அங்கே எப்போதும் பேசுகிறவர்தான் நிற்கிறார்: கடமைப்பட்டுள்ளேன், பெருமிதம் கொள்கிறேன், உவகை அடைகிறேன். இதைக் கவனித்த பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லை மட்டும் ஓட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. என் கேப்ஷனில் அவை: நிறைவு, இயலாது, மிகையாகாது, அடைகிறேன், அம்மா. ஐந்தில் ஒன்றில்கூட அம்மா எதையும் செய்யவில்லை.

அப்புறம் இன்னொன்று. நன்றியே சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் வீடுகளில் அம்மாவிடம் யாரும் நன்றி சொல்வதில்லை. சோறு போட்டால் "நன்றிம்மா" என்றால், சண்டையா என்று கேட்பாள். நன்றி என்ற சொல் வந்த உடனே அது கூட்டத்துக்குச் சொல்கிற பேச்சு என்று தெரிந்துவிடும். கடைசி வரியில் 'உங்கள்' என்று வேறு போட்டிருந்தேன். நான் அம்மாவை 'நீ' என்றுதான் கூப்பிடுகிறேன். தவிர அம்மாவுக்கு இன்ஸ்டாகிராம் கிடையாது. பார்க்கவே போகாத ஆளிடம் "வாழ்த்துகள் அம்மா" என்று சொன்னால், அது யார் காதுக்காக?

சரி என்று அன்று ராத்திரி இரண்டாவது தடவை எழுதினேன். இந்த முறை பேச்சுத் தமிழில்: "எங்கம்மா இருக்காங்களே, சொல்லி மாளாது! காலைல நாலு மணிக்கு எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் ஓட்டம்தான். எனக்கு எல்லாமே எங்கம்மாதான். என் உசுரு. லவ் யூ மா, நீ வேற லெவல்." இப்போது இயல்பாக இருக்கிறது என்று நினைத்தேன். தோழி, "ரீல்ஸுக்குப் பின்னால ஓடுற வாய்ஸ் மாதிரி இருக்கு" என்றாள்.

இந்தத் தோல்வியைப் பற்றி நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இங்கேதான் திருத்தத்தை முடித்துக்கொள்கிறார்கள். 'இயலாது' என்பதை 'மாளாது' என்று மாற்றினேன். 'முழுமுதற் காரணம்' போய் 'எல்லாமே எங்கம்மாதான்' வந்தது. 'தியாகச் சுடர்' இருந்த நாற்காலியில் 'வேற லெவல்' உட்கார்ந்தது. உடுப்பு மாறியதே தவிர ஆள் மாறவில்லை. படத்தை மாற்றிப் பார்க்கும் சோதனையை இதற்கும் செய்யலாம், எந்த அம்மா படத்துக்கும் இது பொருந்தும். விறைப்பு செந்தமிழில் மட்டும் இருப்பதில்லை. பேச்சுத் தமிழிலும் பிளெக்ஸ் இருக்கிறது, அது கொஞ்சம் புதிது என்பதால் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது தடவை அவள் எழுதச் சொல்லவில்லை. கோடு போட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, அதை எழுதும்போது மனதில் என்ன ஓடியது என்று குறிக்கச் சொன்னாள். 'இந்த நிலையில்' என்று எழுதியபோது என்ன நினைத்தேன்? கல்லூரிக் கடைசி வருஷ ஃபீஸ். முழங்கால் வலி ஆரம்பித்த பிறகும் அதற்காக அம்மா ஒரு சீசன் கூடுதலாகப் போனாள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, 'இந்த நிலையில்' என்று மூடிவிட்டேன். 'தன்னையே அர்ப்பணித்த' என்பதற்கு அடியில் இருந்தது அப்பாவின் சட்டை. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், செடிக்கு மருந்தடித்திருப்பார்கள், அதனால் முழுக்கை வேண்டும் என்று அப்பா இறந்த பிறகும் அவர் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனாள். 'அயராது' என்பதற்கு அடியில் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கஷ்டப்பட்டாள் என்று தெரியும், எப்படி என்று தெரியாது. நான் ஏலத்தோட்டத்துக்குள் இரண்டு முறைதான் போயிருக்கிறேன்.

அதை அவள்தான் சொன்னாள், தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். "ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல நிக்கும். ஆனா காய் மேல இருக்காது. தூர்ல இருந்து சரம் விட்டு, தரையோட கிடக்கும். பழுத்ததும் பிஞ்சும் ஒரே சரத்துல இருக்கும், பதமான காயை மட்டும் ஒண்ணொண்ணா கிள்ளணும். அதனால குத்தவச்சு உட்கார்ந்து, அப்படியே அடுத்த தூருக்கு நகரணும். ஒரு சுத்து முடிச்சா, முப்பது நாப்பது நாள்ல அதே செடிக்குத் திரும்ப வரணும். உங்கம்மா 22 வருஷம் உட்கார்ந்தே நடந்திருக்காங்கடி. முழங்கால் போகாம என்ன செய்யும்?" எனக்கு இது தெரியாது. ஏலக்காய் மரத்தில் பறிக்கிற மாதிரி ஏதோ ஒரு படம் மனதில் இருந்திருக்கிறது. தெரியாத இடத்தில்தான் 'அயராது' வந்து உட்கார்ந்தது.

இதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்தத் தாமதத்தால் ஒரு லாபமும் இருந்தது. அம்மா வேலையை நிறுத்திய மறுநாள் காலை 5.30 மணிக்கு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அம்மா எழுந்து வாசல் வரை போய்விட்டாள். அப்புறம்தான் நினைவு வந்தது. டிரைவர் அண்ணனிடம் கையை ஆட்டிவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள். முதல் நாள் ராத்திரியே கேப்ஷனைப் போட்டிருந்தால் இது அதில் வந்தே இருக்காது.

எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது, தமிழில் எழுதுகிற எல்லோருக்கும் வருவதுதான். அம்மாவுக்கு அவரா, அவளா? பேச்சில் எங்களுக்குப் பிரச்சனையே இல்லை, "அம்மா வந்துச்சு, போச்சு" என்போம். எழுத்தில் 'வந்தது' என்றால் நாய்க்குட்டி மாதிரி இருக்கிறது. 'அவர் வந்தார்' என்று எழுதினால் அம்மா உடனே ஹெட்மாஸ்டர் ஆகிவிடுகிறாள். 'வந்தாள்' என்றால் மரியாதை இல்லை என்று சொல்ல ஆள் இருக்கிறது. முதல் வாக்கியத்துக்கு மட்டும் வழி கிடைத்தது: 'போகவில்லை' என்பதில் ஆளும் மரியாதையும் தெரியாது, அவளுக்கும் அவருக்கும் அதுவேதான். மற்ற இடத்தில் 'ஆள்' விகுதியே வைத்தேன். பாசத்தில் சொல்கிற 'அவள்' படிப்பவருக்குக் கேட்கும் என்று நம்பினேன். உங்கள் வீட்டில் அம்மாவை 'நீங்கள்' என்று கூப்பிடுவது வழக்கம் என்றால் 'ஆர்' தான் சரி, அங்கே அதுதான் உண்மை.

எழுதி முடித்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் கேப்ஷனையும் காட்டியிருந்தேன், அதற்கு "நல்லாருக்கு தாயி" என்று மட்டும் சொல்லியிருந்தாள். இதைக் கேட்கும்போது நடுவில் நிறுத்தினாள். 'முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார்' என்று ஒரு வரி இருந்தது. "அதை எடு. நொண்டியாப் போயிட்டேன்னு நினைப்பாக" என்றாள். உண்மைதானே என்று வாதாடத் தோன்றியது. ஆனால் முழங்கால் அவளுடையது. எடுத்துவிட்டேன். ஃபீஸ் விஷயத்தைச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லேன், நாந்தானே கட்டுனேன்" என்றாள்.

தோழி கடைசியாக ஒன்றை வெட்டினாள். 'சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள், ஏன் என்று நான் கேட்கவில்லை' என்று முடித்திருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. "இங்க வந்து கவிதை ஆரம்பிச்சிட்ட பாரு" என்றாள். சத்தமாகப் படித்தேன். குரல் மாறியது. போட்டது இதுதான்:

"அம்மா இன்று மலைக்குப் போகவில்லை. 5.30 ஜீப் தெருமுனையில் ஹாரன் அடித்ததும் பழக்கத்தில் எழுந்து வாசல் வரை போனாள். டிரைவர் அண்ணனிடம் கையை ஆட்டிவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள். 22 வருஷம் ஏலக்காய் எடுத்தாள். காய் தரையோடு கிடக்கும், உட்கார்ந்தபடியே நகர வேண்டும். முழங்கால் வலி வந்த பிறகும் ஒரு சீசன் போனாள், என் கடைசி வருஷ ஃபீஸுக்காக. படத்தில் போட்டிருப்பது அப்பாவின் சட்டை."

உண்மையில் அது நடந்தது முந்தின நாள். 'இன்று' என்று விட்டதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு, தோழி பரவாயில்லை என்றாள். இன்ஸ்டாகிராமில் கேப்ஷன் முழுக்கத் தெரியாது, முதல் ஒன்றிரண்டு வரி மட்டும் காட்டி மற்றதை மடித்துவிடும். பழைய கேப்ஷன் என்றால் அந்த இடத்தில் 'அயராது உழைத்து, குடும்பத்திற்காக' என்று நின்றிருக்கும், யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது அங்கே அம்மா மலைக்குப் போகவில்லை என்று இருந்தது. ஏன் போகவில்லை என்று கேட்டே மூன்று பேர் போன் பண்ணினார்கள். மாமா ஒருத்தர், தாயை அவள் இவள் என்று எழுதலாமா என்று அம்மாவிடமே புகார் சொன்னார். அம்மா அவரிடம் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். அவருடைய அண்ணன், ஆசிரியர், அந்த மாதம் ஓய்வு பெறுகிறார். பத்துக்கு ஆறு பிளெக்ஸ் வேண்டும், வாசகம் நீங்களே போடுங்கள் என்றார். அவருடைய அண்ணனைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் எதுக்கும்மா, எல்லாருக்கும் போடுற மாதிரி போடுங்க" என்றார். ஊரே பார்க்கிற இடத்தில், எல்லாருக்கும் போடுகிற மரியாதை தன் அண்ணனுக்கும் குறையாமல் வேண்டும் என்பது அவர் கணக்கு. அதுவும் நியாயம்தான். பணி நிறைவு, அயராது, நெஞ்சார்ந்த, இனிதே தொடர எல்லாவற்றையும் அடித்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ப்ரூஃப் பார்த்துவிட்டு, "அருமை" என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்தார்.